ஜெர்மனிக்கு வாழ்க்கைத்துணையாக வந்தபின் பணிவிவரத்தை மறுபடி கட்டுவது: ஒரு முழுமையான வழிகாட்டி

2024-ஆம் ஆண்டுக் கோடையில், ஸ்டுட்கார்ட்டில் வசிக்கும் ஒரு தோழி தம் கோப்பைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தார். கோவையில் படித்த பி.காம் பட்டச் சான்றிதழ், ஆறு பருவங்களின் மதிப்பெண் பட்டியல்கள், சென்னையில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறரை ஆண்டுகள் வேலை பார்த்ததற்கு நான்கே வரியில் ஒரு விடுவிப்புக் கடிதம், ஜெர்மன் மொழியில் பி1 தேர்ச்சிச் சான்று ஆகியவையே அதில் இருந்தன. கணவர் புளூ கார்டில் வேலைக்கு வந்தபோது, 2022 மார்ச்சில் இவரும் உடன் வந்தார். அதே ஆண்டு குழந்தை பிறந்தது. அனுப்பிய விண்ணப்பங்கள் நாற்பதைத் தாண்டியிருந்தன. இரண்டு நிறுவனங்கள் மறுத்து எழுதியிருந்தன. மற்றவற்றிலிருந்து பதிலே வரவில்லை.

தமக்கு உள்ளூர் அனுபவம் இல்லாததே காரணம் என்று அவர் நினைத்தார். அது பாதி உண்மைதான். கோப்பைப் புரட்டியபோது எனக்குப் பட்ட பெரிய குறை வேறு: அவர் உண்மையாகவே பார்த்த ஆறரை ஆண்டு வேலையை ஒரு ஜெர்மன் பணியமர்த்துநரால் அந்தக் கோப்பிலிருந்து படித்தறிய முடியாது. இந்த நாட்டில் ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைவிட, அவரோடு வேலை பார்த்தவர்கள் கையொப்பமிட்டுச் சொல்வதற்கே எடை அதிகம். ஆகவே வேலை இரண்டு வகைப்படும். பழைய அனுபவத்தை இங்குள்ளவர் படிக்கும் வடிவில் மாற்றி எழுதுவது ஒன்று. குறைந்தது ஒரு உள்ளூர்க் கையொப்பத்தையேனும் பெறுவது மற்றொன்று. கீழே உள்ள படிகளை அவருடைய கணக்குத் துறையை எடுத்துக்காட்டாக வைத்தே விளக்குகிறேன். கணக்கர் வேலை ஜெர்மனியில் அரசு உரிமம் தேவைப்படும் தொழில் அன்று. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், அரசுப் பள்ளி ஆசிரியர் போன்றோருக்குத் தொழில் அங்கீகாரம் பெறுவதே முதல் வேலை என்பதால், அவர்களுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. மனைவியின் வேலையால் உடன் வந்த கணவர்களுக்கு இதில் எதுவும் மாறாது.

முதல் படி: வேலை செய்யும் உரிமையை விவரத்தின் தலைப்பிலேயே எழுதுதல்

குடும்ப இணைவுக்காகத் தரப்படும் வதிவிட அனுமதி, வேலை செய்யும் உரிமையையும் சேர்த்தே தருகிறது. வதிவிடச் சட்டத்தின் 4a பிரிவின் முதல் உட்பிரிவிலிருந்து இது வருகிறது. அட்டையிலோ அதனுடன் தரப்படும் தாளிலோ "எர்வெர்ப்ஸ்டேட்டிக்கைட் எர்லாவ்ப்ட்" என்ற சொற்கள் இருக்கும். ஊதியத்துக்கு வேலை செய்யவும் சொந்தத் தொழில் நடத்தவும் அனுமதி உண்டு என்பது அதன் பொருள். சிறு நிறுவனங்களில் விண்ணப்பங்களைப் பார்ப்பவர்கள் பலருக்கு இந்த விவரம் தெரியாது. இந்தியப் பெயரையும் இந்தியப் பட்டத்தையும் கண்டவுடன், விசாவுக்குத் தாங்கள் அலைய வேண்டியிருக்குமோ என்று அஞ்சிக் கோப்பை ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால் சுயவிவரத்தில் முகவரிக்கும் தொலைபேசி எண்ணுக்கும் கீழே, அட்டையில் உள்ள அதே சொற்களையும் அது எந்த மாதம் வரை செல்லும் என்பதையும் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். தோழியின் விவரத்தில் அந்த வரி இல்லை. திருமணமானவர் என்ற தகவல் மட்டும் இருந்தது. அதை எடுத்துவிட்டு இதை எழுதினோம்.

இரண்டாம் படி: பட்டத்தின் மதிப்பை ஒரு தாளில் காட்டுதல்

வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களையும் பட்டங்களையும் பற்றி ஜெர்மன் அரசு நடத்தும் `anabin` என்ற இணையத் தரவுத்தளத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதில் இரண்டு தேடல்கள் செய்ய வேண்டும். முதலில் பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தைத் தேடி அதன் நிலையைப் பாருங்கள். `H+` என்றிருந்தால் அந்த நிறுவனம் அங்கீகரிக்கப்பட்டது என்று பொருள். நீங்கள் படித்த கல்லூரியின் பெயர் கிடைக்கவில்லை என்று கலங்க வேண்டாம். நம் ஊரில் பட்டம் தருவது கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகம் என்பதால் அதன் பெயரிலேயே தேட வேண்டும். அடுத்து பட்டத்தைத் தனியாகத் தேடுங்கள். மூன்றாண்டுப் பட்டத்தையும் நான்காண்டுப் பட்டத்தையும் குழப்பிக்கொள்ளாமல், உங்கள் சான்றிதழில் உள்ள பெயரும் கால அளவும் பொருந்தும் பதிவை எடுங்கள். இரு பக்கங்களையும் பிடிஎஃப் ஆகச் சேமித்துப் பட்டச் சான்றிதழின் பின்னால் இணைத்துவிடலாம்.

இரண்டில் ஒன்று கிடைக்காவிட்டால், அல்லது நிலை தெளிவில்லாமல் இருந்தால், அயல்நாட்டுக் கல்விக்கான மைய அலுவலகமான ட்ஸாப் தரும் மதிப்பீட்டுச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் 200 யூரோவுக்குச் சற்று மேல் ஆகும். சில மாதங்கள் காத்திருக்கவும் நேரலாம். உரிமம் தேவைப்படாத தொழிலில் இந்தச் சான்று கட்டாயம் அன்று. ஆகவே இது வரும்வரை விண்ணப்பிப்பதை நிறுத்தி வைக்காதீர்கள். தோழி ஐந்து மாதங்களை அப்படித்தான் இழந்தார்.

மூன்றாம் படி: பழைய வேலைக்குப் புதிய சான்று பெறுதல்

மற்றப் படிகளைவிட இதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஜெர்மனியில் வேலையை விட்டு வரும் ஒவ்வொருவருக்கும் "அர்பைட்ஸ்சொய்க்னிஸ்" எனப்படும் பணிச்சான்றைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு. தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு அதை உறுதிசெய்கிறது. சாதாரணச் சான்றில் வேலையின் வகையும் காலமும் மட்டுமே இருக்கும். விரிவான சான்றில் அந்த நிறுவனம் என்ன செய்கிறது, அந்த ஊழியரின் பணிகள் யாவை, அவர் அவற்றை எப்படிச் செய்தார், மேலாளரோடும் சக ஊழியரோடும் வாடிக்கையாளரோடும் எப்படி நடந்துகொண்டார், ஏன் விலகினார் என்பவை ஒன்று முதல் இரண்டு பக்கங்களில் வரிசையாக வரும். பணியமர்த்துநர் எதிர்பார்ப்பது இந்த விரிவான சான்றையே. நம் ஊர் விடுவிப்புக் கடிதத்தில் பெயர், ஊழியர் எண், பதவிப் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், வாழ்த்து ஆகியவை தவிர எதுவும் இருப்பதில்லை. இந்தக் குறைவான வரிகளை ஜெர்மன் கண் நம் ஊர் வழக்கமாகப் பார்க்காமல், நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை போலும் என்றே புரிந்துகொள்ளும்.

இதைச் சரிசெய்யப் பழைய நிறுவனத்திடம் மீண்டும் கேட்க வேண்டும். மனிதவளப் பிரிவுக்கு எழுதினால், நிறுவன விதிப்படி வேறு கடிதம் தர இயலாது என்ற பதிலே பெரும்பாலும் வரும். தோழிக்கும் அதுதான் வந்தது. அப்போது உங்கள் நேரடி மேலாளராக இருந்தவரை நாடுங்கள். அவர் அந்த நிறுவனத்திலிருந்து விலகியிருந்தாலும் பரவாயில்லை. நிறுவனத் தாளில் எழுத அவருக்கு அதிகாரம் இல்லையென்றால், தம் சொந்தப் பெயரில் பரிந்துரைக் கடிதமாக எழுதி, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எந்த உறவில் உங்களை அறிவார் என்பதையும் தம் தொடர்பு விவரத்தையும் அதில் தரட்டும். அது "ரெஃபெரன்ஸ்" என்ற பெயரில் இணைக்கப்பட வேண்டும். பணிச்சான்று என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

மேலாளருக்கு நேரம் இருக்காது என்பதால் குறிப்புகளை நாமே தயாரித்து அனுப்புவது நல்லது. தோழியிடம், அங்கே என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டபோது, பில் பாஸ் செய்வதுதான் என்றார். ஒரு மாதத்தை நாள்வாரியாகச் சொல்லுங்கள் என்று கேட்ட பிறகே விஷயம் வெளியே வந்தது. மாதம் ஏறக்குறைய 1,200 விற்பனையாளர் பில்களை எஸ்ஏபி மென்பொருளில் பதிவார். கொள்முதல் ஆணை, சரக்கு வரவு, பில் ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார். பொருந்தாதவற்றுக்குக் கொள்முதல் பிரிவோடு பேசித் தீர்ப்பார். வாரம் இருமுறை பணம் செலுத்தும் பட்டியலைத் தயாரிப்பார். மாத முடிவில் நிலுவைகளைச் சரிபார்த்து மூன்றாம் வேலை நாளுக்குள் கணக்கை முடிப்பார். கடைசி இரண்டாண்டுகளில் புதிதாகச் சேர்ந்த நால்வருக்குப் பயிற்சி அளித்தார். இவை அனைத்தும் கடிதத்தில் இடம்பெற்றன. முன்னாள் மேலாளர் அவற்றைச் சரிபார்த்து, பில் எண்ணிக்கையைத் தாமே 1,000 என்று குறைத்து, தம் கருத்தையும் சேர்த்துக் கையொப்பமிட்டு அனுப்பினார். அந்தத் திருத்தம் எனக்கு மிகவும் நிறைவளித்தது, ஏனெனில் நேர்காணலில் அழைத்துக் கேட்டாலும் அவர் அதையே சொல்வார்.

சான்றை நீங்களே எழுதி வேறொருவர் பெயரில் கையொப்பமிடும் எண்ணம் எக்காரணத்தாலும் வர வேண்டாம். போலி ஆவணத்தால் பெற்ற வேலை ஒப்பந்தத்தைப் பல ஆண்டுகள் கழித்தும் ஏமாற்று என்று சொல்லி முதலாளி செல்லாததாக்க முடியும்.

கடிதம் ஆங்கிலத்தில் இருக்கலாம். பன்னாட்டு நிறுவனங்களுக்கு அதுவே போதும். ஜெர்மன் மட்டுமே புழங்கும் நடுத்தர நிறுவனங்களுக்கு, நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் ஜெர்மனில் மாற்றி வாங்கினால் பயன் தெரியும். ஆறாம் படியில் சொல்லப்போகும் வேலைவாய்ப்பு அலுவலகம் இந்தச் செலவை ஏற்க வாய்ப்புண்டு. ஆனால் செலவு செய்வதற்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். ரசீதோடு போய் நின்றால் கிடைக்காது.

நான்காம் படி: சுயவிவரமும் இடைவெளியும்

"லேபன்ஸ்லாவ்ஃப்" எனப்படும் ஜெர்மன் சுயவிவரம் இரண்டு பக்கங்களுக்குள், அண்மையது முதலாக, ஒவ்வொரு பதிவுக்கும் மாதமும் ஆண்டும் இட்டு எழுதப்படும். ஆண்டை மட்டும் எழுதினால் எதையோ மறைப்பதாகத் தோன்றும். புகைப்படம் கட்டாயமில்லை, இன்னும் பலர் வைக்கிறார்கள், வைப்பதானால் ஸ்டூடியோவில் எடுத்ததை வையுங்கள்.

பதவிப் பெயரே நம்மவர் விவரங்களில் முதல் தடை. சீனியர் ப்ராசஸ் அசோசியேட் என்பது சென்னையில் எல்லோருக்கும் புரியும். ஸ்டுட்கார்ட்டில் எவருக்கும் புரியாது. நிறுவனம் தந்த பெயரை அப்படியே வைத்துவிட்டு, அதற்கு முன்னால் இங்குள்ள தொழிற்பெயரை எழுத வேண்டும். அதைக் கண்டுபிடிக்க, வேலை விளம்பரத் தளங்களில் உங்கள் அன்றாடப் பணிகளைச் சொல்லும் பத்து விளம்பரங்களை எடுத்துத் தலைப்புகளைப் பாருங்கள். தோழி பார்த்த வேலைக்கு இங்கே `Kreditorenbuchhalterin` என்று பெயர். வழங்குநர் கணக்குகளைப் பார்க்கும் பெண் கணக்கர். அவர் அதுவரை `Accountant` என்று மட்டுமே தேடியிருந்தார், ஆகவே ஆங்கிலத் தலைப்பு வைத்த சில விளம்பரங்களே அவர் கண்ணில் பட்டிருந்தன. ஒன்றில் எச்சரிக்கை தேவை: `Bilanzbuchhalter` என்பது தொழில் வர்த்தகச் சபையின் தேர்வு எழுதிப் பெறும் தகுதி, `Steuerfachangestellte` என்பது முறையான தொழிற்பயிற்சி முடித்தவருக்குரிய பெயர். வேலை ஒத்திருந்தாலும் அவற்றை நமக்குச் சூட்டிக்கொள்ளக் கூடாது.

பழைய நிறுவனத்தின் பெயருக்குக் கீழே அது என்ன தொழில் செய்கிறது, எத்தனை ஊழியர், எந்த நாடுகளுக்குச் சேவை செய்தது என்பதை ஒரு வரியில் தாருங்கள். ஜெர்மன் கிளைகளின் கணக்கைப் பார்த்திருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

இனி இடைவெளி. 2022 ஜனவரி முதல் இரண்டரை ஆண்டுகள் தோழியின் விவரத்தில் வெறுமையாகக் கிடந்தன. இங்கே இடைவெளி பாவம் அன்று, ஆனால் விளக்கம் இல்லாத இடைவெளி கேள்வியாகவே நிற்கும். நாட்டு மாற்றம், குழந்தை வளர்ப்பு, மொழிப் படிப்பு ஆகியவற்றை மாதக் கணக்கோடு தனித்தனிப் பதிவுகளாக எழுதினோம். சொல்லிலும் கவனம் வேண்டும். பலர் "எல்டெர்ன்ட்சைட்" என்று எழுதிவிடுகிறார்கள். அது ஒரு வேலையில் இருந்துகொண்டே எடுக்கும் சட்டப்படியான பெற்றோர் விடுப்பு. எந்த நிறுவனத்திலிருந்து எடுத்தீர்கள் என்று நேர்காணலில் கேட்டால் திணற நேரும். வேலையில் இல்லாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்ட காலத்துக்கு "ஃபமீலியன்ட்சைட்", அதாவது குடும்பக் காலம், என்ற சொல்லே சரியானது. குழந்தை பகல் காப்பகத்தில் சேர்ந்துவிட்டதா என்பதை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்ய முடியும் என்பதை மட்டும் அறிமுகக் கடிதத்தில் சொன்னால், அவர்கள் மனத்தில் உள்ள கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஐந்தாம் படி: மொழியை எந்த அளவு வரை

ஜெர்மன் தெரியாமலும் மென்பொருள் துறையில் வேலை கிடைக்கலாம். கணக்கு, மனிதவளம், கொள்முதல், அலுவலக நிர்வாகம் ஆகியவற்றில் பி1 சான்று கதவைத் தட்ட உதவும், பி2 அளவில்தான் உள்ளே விடுவார்கள். புளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு இங்கு வர மொழிச் சான்று தேவையில்லை என்ற சலுகை, வந்தபின் படிப்பைத் தள்ளிப்போடச் செய்துவிடுகிறது என்பதே நான் மறுபடி மறுபடி காண்பது.

600 மணி மொழிப்பாடமும் 100 மணி நாட்டறிமுகமும் கொண்ட அரசின் ஒருங்கிணைப்புப் படிப்புக்குக் குடும்ப இணைவில் வந்த பலருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமை வதிவிட அனுமதி கிடைத்ததிலிருந்து ஓராண்டில் காலாவதியாகும். எனவே அட்டை வாங்கும் அன்றே வெளிநாட்டவர் அலுவலகத்தில் தகுதித்தாளைக் கேட்டு வாங்குங்கள். தோழிக்கு இது தெரியவில்லை; கர்ப்பமும் பிரசவமும் அந்த ஆண்டை எடுத்துக்கொண்டன, பிறகு சொந்தச் செலவில் "ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே" எனப்படும் நகர மக்கள் கல்லூரியில் பி1 வரை படித்தார். அதன்பின் வேலை தேடுபவராகப் பதிந்துகொண்டு, அரசின் தொழில்மொழி வகுப்பில் கட்டணமின்றி பி2 முடித்தார். அந்த வகுப்பில் அலுவலகக் கடிதங்களும் தொலைபேசி உரையாடலுமே பாடம் என்பதால், கணக்கருக்குப் பொது வகுப்பைவிட அது நன்றாகப் பொருந்துகிறது.

ஆறாம் படி: முதல் உள்ளூர்க் கையொப்பம்

ஊதியம் இல்லாமலே மூன்று மாதம் வேலை கற்கிறேன் என்று நிறுவனங்களுக்கு எழுதுவதே பலருக்கும் முதலில் தோன்றும் வழி. அது ஏன் நடப்பதில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஊதியமில்லாத மூன்று மாதப் பயிற்சிக்கான சட்ட விலக்கு, தொழிற்பயிற்சியையோ பல்கலைப் படிப்பையோ தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்கும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்குமே உரியது. பட்டமும் அனுபவமும் உள்ளவரை அப்படி வைத்துக்கொண்டால், முதல் நாளிலிருந்தே குறைந்தபட்ச ஊதியம் கொடுக்கக் கடமைப்பட்டதாகிவிடும். மனிதவளப் பிரிவினர் இதை அறிவார்கள். அதனால்தான் பதில் எழுதாமல் விடுகிறார்கள்.

இதற்கான நேர்வழி "அகென்டூர் ஃபியூர் அர்பைட்" எனப்படும் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் மூலம் செல்கிறது. இங்கே ஒரு நாளும் வேலை பார்க்காதவரும், வேலையின்மை உதவித்தொகை பெறத் தகுதியில்லாதவரும் அங்கே வேலையற்றவராகப் பதிந்துகொள்ளலாம். வாரம் 15 மணி நேரமாவது வேலை செய்யத் தயாராக இருக்க வேண்டும், குழந்தை இருந்தால் அந்த நேரத்துக்குப் பராமரிப்பு ஏற்பாடு இருக்க வேண்டும். பதிந்தவர்கள், சமூகச் சட்ட நூலின் மூன்றாம் பகுதி, 45-ஆம் பிரிவின்படி, ஒரு நிறுவனத்தில் ஆறு வாரம் வரை சோதனைப் பணி செய்ய அனுமதி பெறலாம். சுருக்கமாக இதை "மாக்" என்பார்கள். ஊதியம் கிடையாது, விபத்துக் காப்பீடு உண்டு, பயணச் செலவையும் குழந்தைப் பராமரிப்புச் செலவையும் அலுவலகத்திடம் கேட்கலாம். நிறுவனத்துக்கோ செலவும் இல்லை, குறைந்தபட்ச ஊதியச் சிக்கலும் இல்லை.

இதில் வரிசை முக்கியம். முதலில் உங்கள் ஆலோசகரிடம் பேசி, இது தர இயலும் என்ற இசைவை வாங்குங்கள். இது உரிமையாகக் கிடைப்பதன்று, அவர் முடிவுக்கு உட்பட்டது. பிறகு நிறுவனத்தைக் கண்டுபிடியுங்கள். அவர்கள் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். அனுமதி வந்த பின்னரே முதல் நாள் வேலைக்குப் போக வேண்டும். முன்னரே தொடங்கிவிட்டால் காப்பீடும் இல்லை, அனுமதியும் கிடைக்காது.

தோழி இதற்கிடையில் மக்கள் கல்லூரியின் மாலை வகுப்பில் ஜெர்மன் நிதிக் கணக்கியலைப் படித்து, இங்குள்ள வரி ஆலோசகர் அலுவலகங்களில் பரவலாகப் புழங்கும் டாடெஃப் மென்பொருளையும் பழகினார். மதிப்புக் கூட்டு வரி 19 விழுக்காடும் 7 விழுக்காடும் எங்கெங்கே வரும், மாதாந்திர முன்னறிக்கையை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்பன போன்றவை ஜிஎஸ்டி பார்த்தவருக்குக் கடினமாக இல்லை. உள்ளீட்டு வரி என்று நாம் சொல்வதையே இவர்கள் "ஃபோர்ஷ்டொயர்" என்கிறார்கள்.

நிறுவனம் தேடும்போது எங்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. 2025 ஜனவரி 1 முதல், ஜெர்மனியில் நிறுவனங்கள் தங்களுக்குள் அனுப்பும் பில்களை மின்னணு பில் வடிவில் பெறத் தயாராக இருக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் பெரிய நிறுவனங்களுக்கு ஜிஎஸ்டி மின்னணு பில் முறை 2020 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. அந்த மாற்றத்தின்போது தோழி சென்னையில் அதே மேசையில் இருந்தவர். கடிதத்தின் முதல் பத்தியிலேயே இதை எழுதி, ஆறு வாரச் சோதனைப் பணிக்கு அரசு அலுவலகம் இசைவு தெரிவித்துள்ளது என்பதையும் சேர்த்து, ஐம்பது முதல் இருநூறு பேர் வேலை பார்க்கும் பன்னிரண்டு நிறுவனங்களுக்கு ஜனவரி மத்தியில் அனுப்பினார். நால்வர் பதில் எழுதினர், இருவர் நேரில் அழைத்தனர், ஒரு இயந்திர உதிரிபாக நிறுவனம் பிப்ரவரியில் எடுத்துக்கொண்டது.

ஆறு வாரத்தில் என்ன பெற வேண்டும் என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும். சோதனைப் பணியில் இருப்பவர் ஊழியர் அல்லர் என்பதால், பணிச்சான்றை ஓர் ஊழியரைப்போல உரிமையாகக் கேட்க முடியாது. முடிவில் செய்த பணிகளைக் குறிப்பிட்டு ஒரு சான்று தருவீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எந்த நாளில் என்ன செய்தோம் என்று ஒரு நோட்டில் எழுதிவந்தால், சான்று எழுதுபவருக்கு அதையே கொடுத்துவிடலாம்.

இந்த வழி கிடைக்காதவர்களுக்கு வேறு இரண்டு உண்டு. மினிஜாப் எனப்படும் சிறுவேலையில் மாத வருமான வரம்பு 2025-இல் 556 யூரோ, 2026-இல் 603 யூரோ. அந்த வரம்புக்குள் இருந்தால், அரசுக் காப்பீட்டில் உள்ள துணையின் குடும்பக் காப்பீடு தொடரும். சட்டப்படி இதுவும் வேலையே என்பதால் விரிவான பணிச்சான்று கேட்கும் உரிமை முழுமையாக உண்டு. வாரம் பத்து மணி நேரம் ஓர் அலுவலகத்தில் ரசீதுகளை வகைப்படுத்தும் சிறுவேலை, உங்கள் துறைக்குத் தொடர்பில்லாத முழுநேர வேலையைவிட விவரத்துக்கு நல்லது. மற்றொன்று கூட்டாட்சித் தன்னார்வப் பணி. 27 வயது கடந்தவர்கள் வாரம் 20 மணிக்குச் சற்று மேலான பகுதிநேரமாகவும் இதைச் செய்யலாம், முடிவில் சான்று தருவார்கள். வழக்கமாக ஓராண்டு நீளும் என்பதால், துறைக்கு நெருக்கமான இடம், சான்றாக ஒரு தொண்டு நிறுவனத்தின் அலுவலகம், கிடைத்தாலன்றி இதை நான் முதலில் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏழாம் படி: சான்றைப் படித்தறிதலும் தவறு எங்கே என்று காணுதலும்

ஜெர்மன் பணிச்சான்று எப்போதும் அன்பான சொற்களில் இருக்க வேண்டும் என்பது சட்டம் உருவாக்கிய வழக்கம். அதனால் மதிப்பெண் சொற்களுக்குள் ஒளிந்திருக்கும். "ஷ்டெட்ஸ் ட்சூ உன்செரெர் ஃபோல்ஸ்டென் ட்சுஃப்ரீடன்ஹைட்", அதாவது எப்போதும் எங்கள் மிக முழுமையான நிறைவுக்கு ஏற்ப, என்றிருந்தால் மிக நன்று. "எப்போதும் எங்கள் முழு நிறைவுக்கு ஏற்ப" என்றால் நன்று. "எப்போதும்" என்ற சொல் நீங்கி "முழு" மட்டும் நின்றால் நடுத்தரம். இரண்டும் நீங்கி வெறும் நிறைவு என்றிருந்தால் தேர்ச்சி மட்டுமே. முயற்சி எடுத்துக்கொண்டார் என்று எழுதியிருந்தால், முயன்றும் முடியவில்லை என்று படிப்பவர் புரிந்துகொள்வார். தோழிக்கு வந்த முதல் வரைவில் "எப்போதும்" என்ற சொல் இல்லை. எழுதியவர் கணக்குப் பிரிவுத் தலைவர், அவருக்கு மோசமான எண்ணம் ஏதுமில்லை. அந்தச் சொல்லைச் சேர்க்க முடியுமா என்று பணிவாகக் கேட்டதும் அன்று மாலையே திருத்தித் தந்தார்.

விண்ணப்பங்கள் அனுப்பிய பின் வரும் பதில்களையும் இதே கவனத்தோடு படியுங்கள். முப்பது அனுப்பியும் நேர்காணல் ஒன்றும் இல்லையென்றால் குறை தாள்களில் இருக்கிறது: தொழிற்பெயரோ, இடைவெளியோ, அனுமதி வரியோ. தொலைபேசியில் அழைத்த பிறகு நின்றுபோனால் குறை பெரும்பாலும் மொழியில்; அழைப்பு வரும்போது சொல்ல வேண்டிய முதல் இரண்டு நிமிடங்களைப் பழகுங்கள். நேரில் பேசிய பின் மறுத்தால், கேட்ட ஊதியமோ நேரமோ பொருந்தவில்லையா என்று மின்னஞ்சலில் கேட்கலாம். சிலர் உண்மையான பதில் தருவார்கள்.

தோழியை அந்த நிறுவனமே எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே இடம் காலியில்லை. ஆனால் அதன் கணக்குப் பிரிவுத் தலைவர் தந்த ஒன்றரைப் பக்கச் சான்றைச் சுயவிவரத்துக்கு அடுத்த பக்கத்தில் வைத்து, ஏப்ரலில் ஒன்பது விண்ணப்பங்கள் அனுப்பினார். மூன்று நேர்காணல்கள் வந்தன. இரண்டாவதில், எதிரே அமர்ந்திருந்தவர் சென்னைக் கடிதத்தையே எடுத்து, மூன்றாம் வேலை நாளுக்குள் கணக்கை எப்படி முடித்தீர்கள் என்று கேட்டார். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்கள். ஜூன் முதல் நாள், வாரம் 25 மணி நேர வேலையில், ஆறு மாதத் தகுதிகாண் காலத்தோடு அவர் சேர்ந்தார்.